அரபியில் வ, ஃப, ஸும்ம: எது வரிசை சொல்கிறது, எது சொல்லவில்லை?

கேள்வி: "குர்ஆன் தமிழாக்கங்களில் வ, ஃப, ஸும்ம மூன்றுக்கும் 'பின்னர்', 'மேலும்', 'ஆகவே' என்று மாறி மாறி வருகிறது. சில இடங்களில் ஒன்றுமே வருவதில்லை. இவற்றில் எது வரிசையைக் காட்டுகிறது, எது உடனே என்று சொல்கிறது, எது தாமதம் என்று சொல்கிறது?"

சுருக்கமான விடை இது. 'வ' இரண்டு செய்திகளைச் சேர்க்கும்; எது முன், எது பின் என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. 'ஃப' இரண்டாவதை முதலாவதோடு இடையில் வேறொன்றும் நுழையாதபடி ஒட்டவைக்கும். 'ஸும்ம' இரண்டாவது பின்னால் வந்தது என்று சொல்வதோடு, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதையும் சொல்லும். அந்த இடைவெளி காலத்தினுடையதாக இருக்கலாம், தகுதியினுடையதாகவும் இருக்கலாம். நஹ்வு எனப்படும் அரபி இலக்கணத்தின் நூல்கள் இவற்றை முறையே முத்லகுல் ஜம்உ, தஅகீப், தராகீ என்று குறிக்கின்றன.

ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். 'தகலல் முஅல்லிமு வ காமத் துல்லாபு' என்றால், ஆசிரியர் நுழைந்தார் என்பதும் மாணவர்கள் எழுந்தார்கள் என்பதும் இரண்டும் நடந்தன என்பது மட்டுமே செய்தி. மாணவர்கள் முன்பே எழுந்திருந்தாலும் இந்த வாக்கியம் பொய்யாகாது. 'வ' இருந்த இடத்தில் 'ஃப' வந்து 'ஃபகாமத் துல்லாபு' என்றானால், ஆசிரியர் நுழைந்தவுடன், அவர் நுழைந்ததனாலேயே, எழுந்தார்கள் என்று பொருள் ஆகிறது. 'ஸும்ம காமத் துல்லாபு' என்றால் அவர் நுழைந்து, சற்று நேரம் கழிந்த பிறகே எழுந்தார்கள். கேட்பவருக்கு 'ஏன் இந்தத் தாமதம்?' என்ற எண்ணம் தானாகவே எழும்.

தமிழாக்கத்தில் குழப்பம் வருவதற்குக் காரணம் மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு மட்டும் அன்று. தமிழில் இரண்டு பெயர்களை '-உம்' கொண்டு வரிசை காட்டாமல் சேர்த்துவிடலாம்; 'ஸைதும் அம்ரும் வந்தார்கள்' என்பது 'ஜாஅ ஸைதுன் வ அம்ருன்' என்பதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் இரண்டு வினைமுற்றுகளை அப்படிச் சேர்க்க நமக்கு இயல்பான இடைச்சொல் இல்லை. 'நுழைந்தான், சொன்னான்' என்று தனித்தனியே நிறுத்தவேண்டும், அல்லது 'நுழைந்து சொன்னான்' என்று வினையெச்சம் ஆக்கவேண்டும். 'செய்து' என்னும் எச்சம் வந்தவுடன் முதல் வினை முன்னும் அடுத்தது பின்னும் என்ற வரிசை வந்துவிடுகிறது. அரபியில் 'வ' சொல்லாத ஒன்றை நாம் தமிழில் சொல்லிவிடுகிறோம்.

இதனால் நேரும் சிக்கலைக் குர்ஆனின் இரண்டு இடங்களை அருகருகே வைத்தால் தெளிவாகக் காணலாம். பனீ இஸ்ராயீலர்களுக்கு ஓர் ஊருக்குள் செல்லும்படி கட்டளையிடப்பட்டதை 2:58 ஆவது வசனம், 'வத்குலுல் பாப ஸுஜ்ஜதன் வ கூலூ ஹித்ததுன்' என்று கூறுகிறது. அதாவது, வாயிலில் பணிந்தவர்களாக நுழையுங்கள், பாவச்சுமையை இறக்கும்படி வேண்டும் 'ஹித்தா' என்ற சொல்லைக் கூறுங்கள். அதே நிகழ்ச்சியைக் கூறும் 7:161 ஆவது வசனத்தில் 'வ கூலூ ஹித்ததுன் வத்குலுல் பாப ஸுஜ்ஜதன்' என்று, கூறுதல் முன்னும் நுழைதல் பின்னும் வருகின்றன. முதல் இடத்தில் 'நுழைந்து கூறுங்கள்' என்றும் இரண்டாம் இடத்தில் 'கூறி நுழையுங்கள்' என்றும் மொழிபெயர்த்தால், ஒரே கட்டளை ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டாகிவிடும். அரபி மூலத்தில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டையும் செய்யுங்கள் என்பதே கட்டளை. 'வ' அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

இன்னும் கூர்மையான சான்று 45:24 இல் உள்ளது. மறுமையை மறுத்தவர்களின் பேச்சாக அங்கே 'நமூது வ நஹ்யா', அதாவது 'இறக்கிறோம், வாழ்கிறோம்', என்று வருகிறது. இங்கே 'வ' வரிசையைக் காட்டுமானால், 'இறந்த பின் வாழ்கிறோம்' என்று அவர்களே உயிர்த்தெழுதலை ஒப்புக்கொண்டவர்கள் ஆகிவிடுவார்கள். அவர்கள் மறுப்பதே அதைத்தான். ஆகவே சிலர் சாகிறோம், சிலர் பிறந்து வாழ்கிறோம், உலகம் இப்படியே ஓடுகிறது என்பதே அவர்கள் கருத்து.

இலக்கணிகள் இதற்கு ஒரு சோதனையும் வைத்திருக்கிறார்கள். இருவர் சேர்ந்தாலன்றி நிகழ முடியாத வினைகள் உண்டு. 'இக்தஸம', அதாவது சண்டையிட்டுக்கொண்டார்கள், அப்படி ஒன்று. 'இக்தஸம ஸைதுன் வ அம்ருன்' என்று சொல்லலாம். 'இக்தஸம ஸைதுன் ஃப அம்ருன்' என்றோ 'ஸும்ம அம்ருன்' என்றோ சொல்ல வழியில்லை, ஏனென்றால் ஸைது முதலில் தனியாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்க, அம்ர் அதன் பின் தொடர முடியாது. 'ஸைதுக்கும் அம்ருக்கும் இடையே அமர்ந்தேன்' என்பதிலும் 'பைன' என்னும் சொல்லுக்குப் பின் 'வ' மட்டுமே பொருந்தும். வரிசை என்ற எண்ணத்துக்கே இடமில்லாத இடங்களில் 'வ' மட்டும் நிற்க முடிகிறது என்றால், வரிசை அதன் பொருளில் அடங்கவில்லை என்பது தெளிவு.

இதில் எல்லாரும் ஒருமித்திருந்தார்கள் என்று இலக்கணி ஸீராஃபீ கூறியதை, ஹிஜ்ரி 761 இல், அதாவது கி.பி. 1360 இல், மறைந்த இப்னு ஹிஷாம் தமது இலக்கண நூலான முக்னில் லபீபில் மறுக்கிறார். குத்ருப், ஸஃலப் போன்ற சிலர் 'வ' வரிசையைக் காட்டும் என்று கருதியதை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் பெரும்பான்மைக் கருத்து மேலே சொன்னதே. நடைமுறையில், இப்னு மாலிக் தந்த அளவுகோல்தான் எனக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுகிறது: 'வ' வருமிடத்தில் இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன என்று கொள்வதற்கு வாய்ப்பு மிகுதி, சொன்ன வரிசையிலேயே நிகழ்ந்திருப்பது பரவலாக உண்டு, தலைகீழாக நிகழ்ந்திருப்பது அரிது. கதை சொல்பவர் பொதுவாக நடந்த வரிசையில்தான் சொல்வார். அந்த வரிசை கதைசொல்லியின் பழக்கத்திலிருந்து வருகிறதே தவிர, 'வ' என்னும் எழுத்திலிருந்து அன்று.

இந்த வேறுபாடு தமிழ் முஸ்லிம்களின் அன்றாட வழக்கத்துக்குள்ளும் இருக்கிறது. உளூ பற்றிய 5:6 ஆவது வசனம் முகம், முழங்கை வரை கைகள், தலை, கணுக்கால் வரை கால்கள் ஆகிய நான்கையும் 'வ' கொண்டே அடுக்குகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் இந்த வரிசை கட்டாயம். தமிழகத்தின் உள்மாவட்டங்களில் பரவலாக உள்ள ஹனஃபீ மத்ஹபில் அது சுன்னத், தவறினாலும் உளூ கூடிவிடும். ஹனஃபீகளின் வாதம் எளிது: 'வ' வரிசை சொல்லாது, ஆகவே வசனம் வரிசையைக் கடமையாக்கவில்லை. இதற்கு எதிராக ஷாஃபிஈகள் 'வ' வரிசையைச் சொல்கிறது என்று மட்டும் வாதிடுகிறார்கள் என நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய வலுவான ஆதாரம் சொற்கள் வைக்கப்பட்ட முறையில் உள்ளது. முகம், கைகள், கால்கள் ஆகிய மூன்றும் கழுவப்படுபவை, தலை மட்டும் தடவப்படுவது. 'அர்ஜுலகும்' என்ற சொல்லில் 'கும்' என்பதற்கு முன் உள்ள அகரமே கால்கள் கழுவப்படுபவற்றோடு சேர்ந்தவை என்று காட்டுகிறது. அப்படியிருந்தும் கழுவும் உறுப்புகளை ஒன்றாகச் சொல்லி முடிக்காமல், நடுவே தடவுவதைச் செருகியிருப்பது, வரிசையை உணர்த்தவே அன்றி வேறு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நபியவர்கள் செய்துகாட்டிய முறையும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. இடைச்சொல் பேசாத இடத்தில் வேறு குறிப்புகள் பேச முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஹஜ்ஜில் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடும்போது நிகழ்ந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. 'இன்னஸ் ஸஃபா வல் மர்வத' என்னும் 2:158 ஆவது வசனத்தை ஓதிய நபியவர்கள், 'அல்லாஹ் எதைக் கொண்டு தொடங்கினானோ அதைக் கொண்டு நான் தொடங்குகிறேன்' என்று சொல்லி ஸஃபாவில் ஏறினார்கள். 'வ' மட்டுமே வரிசையை நிலைநாட்டியிருக்குமானால், இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இனி 'ஃப'. இதை 'உடனே' என்று மொழிபெயர்க்கப் பலரும் பழகியிருக்கிறோம். பல இடங்களில் அது சரியாகவும் அமைகிறது. ஆனால் கடிகாரத்தை வைத்து 'ஃப'வை அளந்தால் விரைவில் தடுமாறுவோம். இப்னு ஹிஷாம் தரும் எடுத்துக்காட்டு, 'தஸவ்வஜ ஃபுலானுன் ஃப வுலித லஹு' என்பது: இன்னார் மணம் முடித்தார், அவருக்குக் குழந்தை பிறந்தது. திருமணத்துக்கும் பிறப்புக்கும் நடுவே கருவுற்றிருந்த மாதங்கள் கழிந்தாலும், அதைத் தவிர வேறு தாமதம் இல்லையென்றால் 'ஃப' சரியே. அப்படியே, 'பஸ்ராவுக்குப் போனேன், ஃப பக்தாதுக்கு' என்றால், இரண்டு ஊர்களுக்கும் இடையே பயண நாட்கள் கழிந்திருக்கலாம், ஆனால் பஸ்ராவில் தங்கவோ வழியில் வேறெங்கும் தங்கவோ இல்லை என்று பொருள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிய இயல்பான கால அளவுக்குமேல் எதுவும் இடையில் நுழையவில்லை என்பதே 'ஃப' தரும் உறுதி.

இந்த ஒட்டுதலிலிருந்தே காரண காரியத் தொடர்பும் பிறக்கிறது. 28:15 இல் மூஸா ஒருவரைக் குத்தியதும் அவர் இறந்ததும் 'ஃபவகஸஹு மூஸா ஃபகளா அலைஹி' என்று வருகின்றன. குத்தியதால் இறந்தார் என்று சொல்ல அங்கே தனிச் சொல் எதுவும் இல்லை, இரண்டாவது 'ஃப'வே அதைச் சொல்லிவிடுகிறது. இதே இடத்தில் 'வ' போட்டிருந்தால் வழக்கு மன்றத்தில் அந்த வாக்கியம் எதையும் நிரூபிக்காது. 2:60 இல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 'உமது தடியால் பாறையை அடிப்பீராக என்றோம், ஃபன்ஃபஜரத், அதிலிருந்து பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட்டன' என்று வருகிறது. மூஸா அடித்தார் என்ற செய்தியே அங்கே இல்லை. கட்டளைக்கும் விளைவுக்கும் இடையே 'ஃப' நிற்பதால், 'அவர் அடித்தார்' என்பதைக் கேட்பவர் தாமாகவே நிரப்பிக்கொள்கிறார். சொல்லாமல் விட்டதை வெளிப்படுத்துவதால் இதற்கு ஃபாஉல் ஃபஸீஹா என்று பெயர்.

'ஃப' கால வரிசை காட்டாத இடமும் ஒன்று உண்டு, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளாவிட்டால் சில வசனங்கள் புதிராகவே இருக்கும். 11:45 இல் 'நூஹ் தம் இறைவனை அழைத்தார், ஃபகால, என் இறைவா என்றார்' என்று வருகிறது. அழைத்து முடித்த பின் வேறொன்றைச் சொன்னார் என்பது அன்று. அழைத்தது என்ன என்பதையே 'ஃப' விரிக்கிறது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பின்னர் விவரிக்கும் பேச்சு முறை இது. 7:4 ஐயும் இப்படியே புரிந்துகொள்ளலாம்: 'எத்தனையோ ஊர்களை அழித்தோம், ஃபஜாஅஹா பஃஸுனா, நமது தண்டனை இரவில் அவற்றை வந்தடைந்தது'. அழிந்த பின் தண்டனை வந்தது என்று கொண்டால் பொருள் இடறும். அழித்த விதத்தின் விவரம் என்று கொண்டால் இடறாது. அழிக்க நாடினோம், அதைத் தொடர்ந்து தண்டனை வந்தது என்று விளக்குபவர்களும் உண்டு.

'ஸும்ம'வை 'ஃப'வுடன் சேர்த்தே காண்பது நல்லது, ஏனெனில் இரண்டும் ஒரே பத்தியில் மாறி மாறி வரும்போதுதான் இரண்டின் இயல்பும் வெளிப்படும். அபஸ அத்தியாயத்தின் 19 முதல் 22 வரையிலான வசனங்கள் மனிதனின் வாழ்க்கை முழுவதையும் நான்கே வரியில் சொல்கின்றன. 'மின் நுத்ஃபதின் கலகஹு ஃபகத்தரஹு': விந்துத் துளியிலிருந்து அவனைப் படைத்தான், ஃப, அளவிட்டான். படைப்பும் அளவும் ஒட்டியவை. 'ஸும்மஸ் ஸபீல யஸ்ஸரஹு': ஸும்ம, வழியை அவனுக்கு எளிதாக்கினான். 'ஸும்ம அமாதஹு ஃப அக்பரஹு': ஸும்ம, அவனை இறக்கச் செய்தான், ஃப, கப்ரில் வைத்தான். 'ஸும்ம இதா ஷாஅ அன்ஷரஹு': ஸும்ம, தான் நாடும்போது அவனை எழுப்புவான். இறப்பதற்கு முன் ஓர் ஆயுள் கழிகிறது, அங்கே ஸும்ம. இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடையே தாமதம் இல்லை, அங்கே ஃப. அடக்கத்துக்கும் எழுப்புதலுக்கும் இடையே அளவு தெரியாத காலம், மீண்டும் ஸும்ம. இதைத் தமிழில் 'பின்னர் இறக்கச் செய்து கப்ரில் வைத்தான். பின்னர் தான் நாடும்போது எழுப்புவான்' என்று சொன்னால், 'ஃப'வுக்குச் 'செய்து' எச்சமும் 'ஸும்ம'வுக்குப் 'பின்னர்' என்பதும் வேறுபாட்டைக் காத்துவிடுகின்றன. ஐந்து இடங்களிலும் 'பின்னர்' என்றே அடுக்கும் தமிழாக்கத்தில் இந்த நயம் காணாமல் போகிறது.

இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கரு வளர்ச்சியைக் கூறும் இரண்டு இடங்களுக்கு வந்தால் ஒரு நல்ல தடை எதிர்ப்படும். 22:5 இல் மண், ஸும்ம விந்து, ஸும்ம அலக் என்னும் ஒட்டிக்கொள்ளும் கரு, ஸும்ம முள்கா என்னும் சதைத்துண்டு என்று எல்லாப் படிகளும் 'ஸும்ம'வாலேயே பிரிக்கப்படுகின்றன. 23:14 இல் விந்திலிருந்து அலக் ஆனதற்கு 'ஸும்ம' வருகிறது. ஆனால் அலக் முள்கா ஆனதற்கும், முள்கா எலும்புகள் ஆனதற்கும், எலும்புகளுக்குச் சதை போர்த்தியதற்கும் வரிசையாக 'ஃப', 'ஃப', 'ஃப'. இறுதியில் 'வேறொரு படைப்பாக ஆக்கினோம்' என்பதற்கு மறுபடியும் 'ஸும்ம'. இப்னு மஸ்ஊத் அறிவிக்கும் நபிமொழி, நாற்பது நாள் கழிந்து அலக், ஸும்ம அதே அளவு கழிந்து முள்கா என்கிறது. நாற்பது நாள் இடைவெளிக்கு ஓரிடத்தில் 'ஸும்ம', இன்னோரிடத்தில் 'ஃப' எப்படி வரலாம்?

இதற்கு, 'ஃப' அங்கே 'ஸும்ம'வின் பொருளில் வந்தது என்று விடை சொல்லிக் கடந்துவிடுபவர்கள் உண்டு. அது எளிதான விடை. ஆனால் ஒரே வசனத்துக்குள் இரண்டும் வந்திருப்பதை அது விளக்குவதில்லை. இதைவிடப் பொருத்தமானது, நீண்டு நடக்கும் ஒரு மாற்றத்தை இரண்டு முனைகளிலிருந்தும் பார்க்கலாம் என்னும் விளக்கம். ஒரு நிலை தொடங்கி அடுத்த நிலை முழுமையடையும் வரை உள்ள நீளத்தைப் பார்த்தால் 'ஸும்ம' பொருந்தும். ஒரு நிலை முடிகிற கணத்திலேயே அடுத்த நிலை தொடங்கிவிடுகிறது, இடையில் வெற்றிடம் இல்லை என்பதைப் பார்த்தால் 'ஃப' பொருந்தும். நிகழ்ச்சி ஒன்றே, நாட்களும் அவையே; பேசுபவர் எதைக் காட்ட விரும்புகிறார் என்பது மாறுகிறது. 22:5 உயிர்த்தெழுதலைச் சந்தேகிப்பவர்களிடம் பேசுகிறது. ஒவ்வொரு படியும் எத்தனை தொலைவு கடந்து வந்தது என்று காட்டுவது அங்கே வாதத்துக்கு வேண்டும். 23:14 இன் நடுப்பகுதி படைப்பின் தடையற்ற ஓட்டத்தைக் காட்டுகிறது. அந்த ஓட்டத்தை 'வேறொரு படைப்பு' என்னும் இடத்தில் 'ஸும்ம' நிறுத்துகிறது. இந்தக் கடைசி 'ஸும்ம' கால இடைவெளியை மட்டும் குறிக்கவில்லை, சதைப் பிண்டத்துக்கும் உயிருள்ள மனிதனுக்கும் உள்ள தகுதித் தொலைவையும் குறிக்கிறது என்பதே என் புரிதல்.

தகுதித் தொலைவு என்பது நான் கற்பித்த கருத்து அன்று. தராகீ ருத்பீ என்ற பெயரில் அது உரைகளில் நன்கு அறியப்பட்டது. பலத் அத்தியாயம் அடிமையை விடுவித்தல், பசி நாளில் அநாதைக்கு உணவளித்தல் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, 90:17 இல் 'ஸும்ம கான மினல்லதீன ஆமனூ', ஸும்ம அவன் ஈமான் கொண்டவர்களுள் ஒருவனாக இருந்தான், என்கிறது. முதலில் தர்மம், பல காலம் கழித்து ஈமான் என்று இதைப் படித்தால் தவறு. ஈமான் முந்தையவற்றைவிட மிக உயர்ந்த படி என்பதே 'ஸும்ம' இங்கே சொல்வது. அன்றாடப் பேச்சிலும் இந்த வழக்கு இருந்தது. 'இன்று நீ செய்ததைக் கேள்விப்பட்டேன், ஸும்ம நேற்று நீ செய்தது அதைவிட வியப்பு' என்னும் எடுத்துக்காட்டில் நேற்று நடந்தது இன்றைக்குப் பின்னால் வருகிறது. இங்கே 'ஸும்ம' சொல்பவரின் பேச்சு வரிசையை அடுக்குகிறது, நாட்களின் வரிசையை அன்று.

'வ'வுக்கும் 'ஸும்ம'வுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு, 'அல்லாஹ் நாடினான், இன்னாரும் நாடினார் என்று வ சேர்த்துச் சொல்லாதீர்கள். அல்லாஹ் நாடினான், ஸும்ம இன்னார் நாடினார் என்று சொல்லுங்கள்' என்ற நபிமொழியைக் காட்டுவார்கள். 'மாஷா அல்லாஹு வ ஷாஅ ஃபுலான்' என்னும்போது 'வ' இரண்டு நாட்டங்களையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. 'ஸும்ம' வந்தவுடன் இரண்டாவது நாட்டம் முதலாவதற்குக் கீழே, தொலைவில் போய் நிற்கிறது. வேறு ஒரு சொல்லும் மாறவில்லை.

நேரில் வாசிக்கும்போது இடறக்கூடிய இரண்டு இடங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, எல்லா 'வ'வும் சேர்க்கும் 'வ' அன்று. 'ஜாஅ ஸைதுன் வஷ்ஷம்ஸு தாலிஅதுன்' என்றால் ஸைது வந்தான், சூரியனும் உதித்தது என்று இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லவில்லை. சூரியன் உதித்திருக்கையில் வந்தான் என்று, வந்த நிலையைச் சொல்கிறது. இதை வாவுல் ஹால் என்பார்கள். வினைச்சொல்லுக்குப் பின் 'வ' வந்து, அதையடுத்துப் பெயரில் தொடங்கும் ஒரு முழு வாக்கியம் வருமானால், 'அந்த நிலையில்' என்று பொருத்திப் பார்க்கவேண்டும். பொருந்தினால் 'உம்' போட்டு மொழிபெயர்ப்பது பிழையாகும். சத்தியம் செய்யும் 'வல்லாஹி' என்பதிலுள்ள 'வ' இன்னும் வேறு. அதன் பின் வரும் பெயரின் ஈறு இகரமாக இருப்பதே அதற்கு அடையாளம்.

மற்றொன்று, உயிர்க்குறி இல்லாத அச்சில் 'ஸும்ம'வும் 'ஸம்ம'வும் ஒரே மாதிரி எழுதப்படுகின்றன. 'ஸம்ம' என்றால் 'அங்கே'. 2:115 இல் வரும் 'ஃபஸம்ம வஜ்ஹுல்லாஹ்' என்பதில் உள்ளது இதுவே. இன்றைய அரபி நாளிதழ்களில் அடிக்கடி வரும் 'வ மின் ஸம்ம' என்ற தொடர் 'இதனால்', 'ஆகவே' என்று பொருள்படும். அதை 'மின் ஸும்ம' என்று படித்து, 'அதற்குப் பிறகு' என்று புரிந்துகொண்டால், செய்தியாளர் காரணம் சொன்ன இடத்தில் நாம் காலம் சொல்லிக்கொண்டிருப்போம். 'மின்' முன்னால் நின்றால் அது 'ஸம்ம'தான், ஏனென்றால் இணைப்பு இடைச்சொல்லான 'ஸும்ம'வுக்கு முன் 'மின்' வராது.